நான்கு டேட்டாபேஸ், ஒரு பட்டியல்: சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் டூப்ளிகேட் நீக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பாகாயம் பக்கம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பதால், ரிவ்யூ எழுதும் முதுநிலை மாணவர்களும் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பவர்களும் தேடல் முடிந்த கையோடு என்னிடம்தான் வருகிறார்கள். தேடுவதைப் பற்றிய கேள்விகள் குறைவு. தேடி எடுத்த சில நூறு பதிவுகளை ஒன்றாகக் கொட்டிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே ரிவ்யூவை வைத்துக்கொள்கிறேன்: இந்தியக் குழந்தைகளிடம் ரோட்டா வைரஸ் தொற்று. பப்மெட்டில் 212, எம்பேஸில் 318, ஸ்கோப்பஸில் 276, சென்ட்ரலில் 41, மொத்தம் 847 பதிவுகள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கணக்குக் காட்ட நான் போட்டவை.

டூப்ளிகேட்னா ஒரே பேப்பர் ரெண்டு தடவை வர்றதுதானே சார்? இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஒரே கட்டுரையைப் பற்றிய இரண்டு பதிவுகள் என்றால் டூப்ளிகேட். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். ஒரே ஆய்விலிருந்து வந்த இரண்டு வெவ்வேறு கட்டுரைகள் டூப்ளிகேட் ஆகாது. இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும், பிறகு ஓர் ஆய்வின் கீழ் சேர வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதில் இரண்டு வகைத் தவறு நடக்கலாம். ஒரு டூப்ளிகேட் தப்பித்து உள்ளே நின்றுவிட்டால், ஸ்கிரீனிங் செய்பவருக்குக் கொஞ்ச நேரம் வீணாகும், அவரே கண்டுபிடித்தும் விடுவார். தனிப் பதிவு ஒன்றை டூப்ளிகேட் என்று நீக்கிவிட்டால் அது போனதே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது.

பப்மெட்ல மட்டும் தேடினா இந்தத் தலைவலியே வராதுல்ல?

வராது, ஆனால் அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூவாக இருக்காது. எம்பேஸில் வரும் கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்களில் பெரும்பாலானவை பப்மெட்டில் கிடைக்காது. சென்ட்ரல் மருத்துவ ட்ரையல்களுக்கான தொகுப்பு, அதன் பதிவுகளில் பெரும்பகுதி பப்மெட்டிலிருந்தும் எம்பேஸிலிருந்தும் எடுத்தவை. ஸ்கோப்பஸ், பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனின் இதழ்களையும் உள்ளடக்கியது. ஆக, ஒன்றுக்கொன்று மேலே விழுவது இந்த டேட்டாபேஸ்களின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே டேட்டாபேஸுக்குள்ளேயும் ஒரு கட்டுரை இரண்டு முறை வருவதுண்டு. அச்சுக்கு முன் வந்த பதிவும் இறுதிப் பதிவும் எம்பேஸில் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கலாம்.

எல்லாத்தையும் சிஎஸ்வியா இறக்கி எக்செல்ல திறந்துக்கிட்டா ஈஸிதானே?

ஈஸிதான், ஆனால் தரவு கெட்டுப்போகும். சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்து திறந்தால், `3-5` என்ற பக்க எண்ணை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். `10-12` டிசம்பர் மாதத்துக்குப் போய்விடும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் திரும்பி வராது. சந்தேகமான ஜோடிகளைத் தீர்க்கப் பக்க எண்தான் கடைசித் துணை என்பதால் இது சின்ன நஷ்டமில்லை.

பப்மெட்டில் `Send to` அழுத்தி `Citation manager` எடுத்தால் `.nbib` ஃபைல் வரும். மற்ற மூன்றிலும் `RIS` எடுங்கள். அப்ஸ்ட்ராக்ட் சேர்ந்து வருகிறதா என்று எக்ஸ்போர்ட் திரையிலேயே பார்த்துவிடுங்கள், சில தளங்களில் அதைத் தனியாக டிக் செய்ய வேண்டும். ஃபைல் பெயரில் டேட்டாபேஸும் தேடிய தேதியும் இருக்கட்டும். இந்த நான்கு மூல ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். எக்செல் பின்னால் தேவைப்படும்போது, மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஜொடேரோவிலிருந்து சிஎஸ்வியாக எடுத்து, `Data` மெனுவில் `From Text/CSV` வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்க எண் இருக்கும் பத்தியை `Text` என்று மாற்றிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

எந்த ஃபைலை முதல்ல ஏத்தணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. பப்மெட்டை முதலில் ஏற்றுங்கள். அதில் ஆசிரியர் பெயர், இதழ் பெயர், பிஎம்ஐடி எண் எல்லாம் சீராக இருக்கும். பல மென்பொருள்களில் முதலில் வந்த பதிவுதான் தங்கும், பின்னால் வந்தது போகும். பப்மெட்டுக்குப் பிறகு எம்பேஸ், ஸ்கோப்பஸ், கடைசியில் சென்ட்ரல் என்பது நான் சொல்லும் வரிசை.

ஜொடேரோவில் வேலை செய்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கலெக்‌ஷன் போடுங்கள். இரண்டு பதிவுகளை இணைத்த பிறகும், மிஞ்சிய பதிவு இரண்டு கலெக்‌ஷனிலும் இருக்கும். எந்தக் கட்டுரை எங்கெங்கே கிடைத்தது என்பது அழியாமல் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கலெக்‌ஷனில் கொட்டிவிட்டால் இந்தத் தகவல் போய்விடும்.

ஜொடேரோவே Duplicate Itemsனு தனியா காட்டுதே, அதுல இருக்கறதை எல்லாம் மெர்ஜ் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதா?

பாதி முடிந்தது. ஜொடேரோ தலைப்பு, கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ, ஐஎஸ்பிஎன் ஆகியவற்றைப் பார்க்கிறது. அவை ஒத்துப்போனால் வருடம் ஒன்றுக்கு மேல் விலகாமல் இருக்கிறதா, ஓர் ஆசிரியராவது பொருந்துகிறாரா என்றும் பார்க்கும். ஆசிரியர் பொருந்துவது என்றால் கடைசிப் பெயரும் முதல் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறைய ஜோடிகளை இது சரியாகப் பிடித்துவிடும். ஆனால் அது காட்டுவதெல்லாம் டூப்ளிகேட் இல்லை, காட்டாததெல்லாம் தனிப் பதிவும் இல்லை.

ஒவ்வொரு ஜோடியாகத் திறந்து, இதழ், தொகுதி, பக்கம் மூன்றையும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டு இணையுங்கள். சில நூறு பதிவுகளுக்கு இது ஓர் உட்காரலில் முடிகிற வேலைதான். இணைக்க விடாமல், ஐட்டம் டைப் வேறு என்று ஜொடேரோ சொன்னால் அங்கே நில்லுங்கள். ஒன்று ஜர்னல் கட்டுரை, மற்றது கான்ஃபரன்ஸ் பேப்பர் என்று பதிவாகியிருக்கும். டேட்டாபேஸ் தப்பாக வகைப்படுத்தியதா, நிஜமாகவே இரண்டு வேறு வெளியீடுகளா என்று பார்க்காமல் டைப்பை மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

டிஓஐ ஒண்ணா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு தூக்கிடலாமா சார்?

பெரும்பாலும் தூக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. இரண்டு இடங்களில் டிஓஐ ஏமாற்றும். கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்களைச் சில இதழ்கள் மொத்தமாக ஒரு துணை இதழாக வெளியிடும். அந்த முழுத் துணை இதழுக்கும் ஒரே டிஓஐ இருந்தால், உள்ளே இருக்கும் வேறு வேறு அப்ஸ்ட்ராக்ட்கள் எல்லாம் ஒரே டிஓஐயோடு வரும். அதேபோல, வாசகர் கடிதங்களும் அதற்கு ஆசிரியர்கள் எழுதிய பதிலும் சில இதழ்களில் ஒரே டிஓஐயின் கீழ் வரும். டிஓஐ ஒன்று, தலைப்பு வேறு என்றால் நீக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில், ஒரே டிஓஐ வேறு வேறு உருவத்தில் வந்து பொருந்தாமல் போவதும் உண்டு. ஒரு தளம் முன்னால் `https://dx.doi.org/` என்று ஒட்டித் தரும், இன்னொன்று பின்னால் `[doi]` என்று சேர்க்கும், ஒன்றில் பெரிய எழுத்து, ஒன்றில் சின்ன எழுத்து. டிஓஐயில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எக்செல்லில் ஒப்பிடுவதாக இருந்தால் `10.` என்று தொடங்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

ஒரு பேப்பரை எடுத்து, நாலு இடத்துலயும் எப்படி வருதுன்னு காட்ட முடியுமா?

நம் ஊர்க் கட்டுரையையே எடுப்போம். வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ரோட்டா வைரஸ் ஆய்வு, 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பப்மெட் ஃபைலை நோட்பேடில் திறந்தால் பக்கமும் டிஓஐயும் இப்படி இருக்கும்:

```
TI  - Protective effect of natural rotavirus infection in an Indian birth cohort.
PG  - 337-46
AID - 10.1056/NEJMoa1006261 [doi]
```

ஆர்ஐஎஸ் ஃபைலில் அதே கட்டுரை இப்படி இருக்கும்:

```
TI  - Protective effect of natural rotavirus infection in an Indian birth cohort
SP  - 337
EP  - 346
DO  - 10.1056/NEJMoa1006261
```

தலைப்பின் கடைசியில் ஒன்றில் புள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை. கடைசிப் பக்கம் ஒன்றில் 46, மற்றதில் 346. டிஓஐக்குப் பின்னால் ஒரு வால். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு மூன்று வரியும் வேறு. ஜொடேரோ உள்ளே இழுக்கும்போதே இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடும், எக்செல் எதையும் சரிசெய்யாது. ஒப்பிடுவதற்கு முதல் பக்க எண் மட்டும் போதும் என்று நான் சொல்வது இதனால்தான். 337 இரண்டிலும் 337தான்.

இந்தக் கட்டுரை சென்ட்ரல் ஃபைலில் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். அது ட்ரையல்களுக்கான இடம், இது கோஹார்ட் ஆய்வு. நான்கு இடத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டுரைக்கும் விதி இல்லை.

டிஓஐயே இல்லாத பழைய பேப்பருங்களை என்ன பண்றது? தலைப்பும் அங்கங்கே கொஞ்சம் மாறியிருக்கு.

தலைப்பைச் சுருக்கி ஒரு சாவி செய்துகொள்ளுங்கள். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லை, புள்ளி, கோடு, கேள்விக்குறி இல்லை, முதல் 60 எழுத்து மட்டும். தலைப்பு C பத்தியில் இருந்தால், H பத்தியில் இதைப் போடலாம்:

```
=LEFT(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(LOWER(C2)," ",""),"-",""),":",""),"?",""),".",""),60)
```

அடுத்த பத்தியில் அந்தச் சாவி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நம் எடுத்துக்காட்டில் 847 பதிவுகள் இரண்டாம் வரியிலிருந்து தொடங்குவதால் 848இல் முடியும்:

```
=COUNTIF(H$2:H$848,H2)
```

1க்கு மேல் வந்ததெல்லாம் பார்க்க வேண்டியவை. சாவி செய்யாமல் நேராகத் தலைப்பையே `COUNTIF`இல் கொடுத்தால் இரண்டு சிக்கல் உண்டு. தலைப்பில் கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ இருந்தால் எக்செல் அதை 'எந்த எழுத்தும்' என்று எடுத்துக்கொள்ளும். 255 எழுத்தைத் தாண்டிய தலைப்புக்கு விடை தப்பாக வரும், மருத்துவக் கட்டுரைத் தலைப்புகளில் அவ்வளவு நீளம் அபூர்வம் இல்லை. 60 எழுத்தில் வெட்டுவதால் இரண்டாவது சிக்கல் தீர்ந்தது, கேள்விக்குறியை எடுத்ததால் முதலாவதில் பெரும்பகுதி தீர்ந்தது. ஆங்கிலமல்லாத கட்டுரைகளின் தலைப்பை பப்மெட் சதுர அடைப்புக்குறிக்குள் தரும், அப்படிப்பட்டவை நிறைய இருந்தால் அந்தக் குறிகளுக்கும் `SUBSTITUTE` சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாவி சந்தேகத்தை எழுப்புவதற்கு மட்டும்தான், தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை. ஒரே தொடரின் முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டுக்கும் முதல் 60 எழுத்து ஒன்றாகவே இருக்கும். அதனால் எக்செல்லின் `Remove Duplicates` பொத்தானை இங்கே தொடவே வேண்டாம். எத்தனை நீக்கினேன் என்று அது சொல்லும், எதை நீக்கினேன் என்று சொல்லாது. நீக்குவதற்குப் பதில், "முடிவு" என்று ஒரு பத்தி வைத்து, எந்தப் பதிவின் டூப்ளிகேட் என்று எழுதிக் குறித்துவிடுங்கள். அப்புறம் வடிகட்டிக்கொள்ளலாம்.

அதே ஆசிரியர் பேரு ஒரு ஃபைல்ல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி இருக்கு. ரெண்டு பேரா, ஒருத்தரா?

நம் ஊர்க் கட்டுரைகளில் இது அடிக்கடி வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோ ஊர்ப் பெயரோதான் இனிஷியல். முருகேசன் மகன் கார்த்திகேயன், இதழுக்கு அனுப்பும்போது ஒரு முறை எம். கார்த்திகேயன் என்றும், ஒரு முறை கார்த்திகேயன் முருகேசன் என்றும் எழுதுவார். முதலாவதை டேட்டாபேஸ் `Karthikeyan M` ஆக்கும், இரண்டாவதை `Murugesan K` ஆக்கும். ஒரே கட்டுரைக்கே, இரண்டு டேட்டாபேஸ்கள் எது கடைசிப் பெயர் என்று வேறு வேறாக முடிவுசெய்வதும் உண்டு.

மேலே சொன்ன ஜொடேரோ விதியை நினைத்துப் பாருங்கள்: ஓர் ஆசிரியராவது பொருந்த வேண்டும். பத்துப் பேர் எழுதிய கட்டுரையில் யாராவது ஒருவர் பொருந்திவிடுவார். ஒருவரோ இருவரோ மட்டும் எழுதிய கட்டுரையில் பெயர் புரண்டு வந்தால், தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் ஜொடேரோ ஜோடி சேர்க்காமல் விட்டுவிடலாம். அதனால் ஆசிரியர் பெயர் ஒத்துப்போனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒத்துப்போகாவிட்டால் அதை மட்டும் வைத்து வேறு கட்டுரை என்று முடிவுகட்டாதீர்கள். தலைப்போடு இதழ், தொகுதி, முதல் பக்கம் மூன்றும் ஒன்றென்றால் அது ஒரே கட்டுரைதான்.

தலைப்பு, ஆசிரியர் எல்லாம் ஒண்ணு. ஆனா ஒண்ணு 2018, இன்னொண்ணு 2019. எதை நீக்கணும்?

முதலில் என்ன வகை என்று பாருங்கள். இணையத்தில் முன்னதாக வந்து, அடுத்த வருடம் இதழில் அச்சான கட்டுரை என்றால் டிஓஐ ஒன்றாகவே இருக்கும். முந்தைய பதிவில் பக்க எண் இருக்காது. அது டூப்ளிகேட், பக்க எண் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

2018 பதிவு ஒரு கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட், 2019 முழுக் கட்டுரை என்றால் டூப்ளிகேட் இல்லை. தலைப்பு அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் இதழும் பக்கமும் வேறாக இருக்கும். அப்ஸ்ட்ராக்டில் இருக்கும் ஒரு முடிவு முழுக் கட்டுரையில் இல்லாமல் போகலாம், அது ரிவ்யூவுக்கு வேண்டிய செய்தி. சக மதிப்பாய்வுக்கு முன் வெளியிட்ட முன்பதிப்பும் பின்னால் இதழில் வந்த கட்டுரையும் இதே கதைதான், டிஓஐ இரண்டுக்கும் வேறு. திருத்த அறிவிப்பும், கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பும் மூலக் கட்டுரையின் தலைப்பையே தாங்கி வரும். அவற்றை நீக்கிவிட்டால், திரும்பப் பெறப்பட்ட ஆய்வை நீங்கள் அறியாமலே சேர்த்துக்கொள்ள நேரும். காக்ரேன் ரிவ்யூக்களில் புதிய பதிப்புக்கும் பழைய தலைப்பே தொடரும், டிஓஐயின் வாலில் `.pub5`, `.pub6` என்று மாறும். அவையும் தனித்தனிப் பதிவுகள்.

வேலூர்ல இருந்து ஒரே மாதிரி அஞ்சாறு பேப்பர் வருது, எல்லாம் குழந்தைங்க, எல்லாம் வயிற்றுப்போக்கு. இதையெல்லாம் ஒண்ணா ஆக்கிடலாமா?

நீக்குவதன் மூலம் ஒன்றாக்கக் கூடாது. ஒரு கோஹார்ட்டிலிருந்து பல கட்டுரைகள் வருவது இயல்பு. மேலே காட்டிய வேலூர்க் கோஹார்ட்டிலிருந்தே கிரிப்டோஸ்போரிடியம் பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. டூப்ளிகேட் நீக்கும் கட்டத்தில் அவை எல்லாம் தங்க வேண்டும். முழுக் கட்டுரை படிக்கும் கட்டத்தில், இவை ஒரே ஆய்வின் கட்டுரைகள் என்று ஓர் ஆய்வு எண் கொடுத்துக் கட்டிவைக்க வேண்டும். ரிவ்யூவில் எண்ணப்படுவது ஆய்வு, கட்டுரை இல்லை.

கட்டிவைக்காமல் விட்டால் ஒரே குழந்தைகள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். இதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டியது 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு. அறுவைக்குப் பின் வரும் வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் ட்ரையல்களில், மறைமுகமாக இரண்டாம் முறை வெளியான தரவும் கலந்துவிட்டதால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த மறுபதிப்புகள் வேறு ஆசிரியர் வரிசை, வேறு தலைப்போடு வந்தவை. எந்த மென்பொருளும் அதைத் தலைப்பை வைத்துப் பிடிக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஆள் சேர்த்த காலம், இடம், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாதிரி எடுத்தார்கள், நிதி கொடுத்தவர், நெறிமுறைக் குழு எண், ட்ரையல் என்றால் பதிவு எண், இவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நம் ரோட்டா வைரஸ் கோஹார்ட்டில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 452, மூன்று வருடமும் முடித்தவர்கள் 373. ஒரு கட்டுரை முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாம் எண்ணையும் சொன்னால் வேறு ஆய்வு மாதிரியே தெரியும்.

இடப் பெயரும் அப்படித்தான். பழைய கட்டுரைகளில் நம் பகுதி வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, மிச்சம் பின்னால் வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆற்காட்டில் நடந்த ஓர் ஆய்வின் முதல் கட்டுரை வேலூர் மாவட்டம் என்றும், பின்னால் வந்தது ராணிப்பேட்டை மாவட்டம் என்றும் எழுதியிருக்கலாம். மாவட்டப் பெயரைப் பார்க்காதீர்கள், ஊரையும் வட்டாரத்தையும் பாருங்கள்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மிஞ்சிய பட்டியலைத் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கி மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு அதையே தொகுதி எண், முதல் பக்கம் என்ற வரிசையில் அடுக்கி இன்னொரு முறை. தலைப்பு புரண்டு வந்த ஜோடிகள் இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதோடு, நீக்கிய பக்கத்தையும் பாருங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு. நீக்கியதாகக் குறித்தவற்றில் டிஓஐ இல்லாதவை எல்லாவற்றையும் திறந்து, அதன் ஜோடி பட்டியலில் உயிரோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள். A, Bயின் டூப்ளிகேட் என்று ஒருவரும், B, Aயின் டூப்ளிகேட் என்று இன்னொருவரும் குறித்து, இரண்டும் போய்விடுவது குழுவாக வேலை செய்யும் இடங்களில் நடக்கும். இந்த ரிவ்யூவில் கட்டாயம் வர வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்த கட்டுரைகள் சில இருக்கும். அவை எல்லாம் இன்னும் இருக்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள்.

பிரிஸ்மா படத்துல என்ன நம்பர் போடணும்?

எத்தனை பதிவு வந்தது, எத்தனை போனது என்று காட்டும் படம் அது. நம் எடுத்துக்காட்டிலேயே போடுவோம். மேல் பெட்டியில் 847, டேட்டாபேஸ் வாரியாகப் பிரித்து. டிஓஐயால் 259, தலைப்புச் சாவியால் 84, கண்ணால் பார்த்து 18 நீக்கினால் மொத்தம் 361. 2020 பிரிஸ்மா படத்தில் ஸ்கிரீனிங்குக்கு முன் நீக்கியவை என்று தனிப் பெட்டி இருக்கிறது, அதில் டூப்ளிகேட் வரியில் 361. ஸ்கிரீனிங் பெட்டியில் 486. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஃபைல் இரண்டு முறை ஏறியிருக்கும், அல்லது எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம் விடுபட்டிருக்கும். டேட்டாபேஸ் திரையில் காட்டிய எண்ணும் ஃபைலில் வந்த எண்ணும் ஒன்றா என்று அங்கிருந்து தொடங்கித் தேடுங்கள்.

எண் மட்டும் போதாது. தேடலை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்கான பிரிஸ்மா-எஸ் பட்டியலின் 16ஆவது அம்சம் டூப்ளிகேட் நீக்கிய முறையையும் மென்பொருளையும் கேட்கிறது. "ஜொடேரோவில் டிஓஐயும் தலைப்பும் ஒப்பிட்டோம், மீதியை ஒருவர் கையால் பார்த்தார், சந்தேகமானவற்றை இன்னொருவர் சரிபார்த்தார்" என்ற அளவில் இரண்டு வரி எழுதினால் போதும்.

நான் ஏற்கெனவே நாலு ஃபைலையும் கோவிடென்ஸ்ல ஏத்திட்டேன், அது தானாவே நீக்கிடுச்சு. விட்டுடலாமா?

விட வேண்டாம். ஸ்கிரீனிங் தளமான கோவிடென்ஸ், தானாக நீக்கியவற்றின் பட்டியலை வைத்திருக்கும், அதைத் திறந்து பாருங்கள். டூப்ளிகேட் இல்லாதது உள்ளே மாட்டியிருந்தால் அங்கிருந்தே திரும்ப எடுக்கலாம். அதே மாதிரி இன்னொரு தளமான ரய்யான், ஜோடிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சதவீதத்தில் காட்டும். சதவீதம் அதிகம் என்பதற்காக மொத்தமாக அழிக்காமல், கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட், பாகம் ஒன்று-இரண்டு, திருத்த அறிவிப்பு மாதிரியானவற்றைத் தனியாகப் பொறுக்கி எடுங்கள்.

இரண்டு பேர் ஸ்கிரீனிங் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு டூப்ளிகேட் தெரியவந்தால், ஒரே கட்டுரையின் ஒரு பதிவை ஏற்றும் மற்றதை ஒதுக்கியும் இருப்பார்கள். எந்த முடிவு நிற்கும் என்று பிறகு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

கைடு சொல்றாரு, அனுப்பறதுக்கு முன்னாடி தேடலை மறுபடி ஓட்டுன்னு. மறுபடியும் முதல்ல இருந்தா அண்ணா?

முதலிலிருந்து வேண்டாம். பழைய 486 பதிவுகளையும் முடிவுகளோடு முதலில் ஏற்றிவிட்டு, புதிய ஃபைல்களை அதன் மேல் ஏற்றி ஒப்பிடுங்கள். ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால், நீங்கள் ஏற்கெனவே ஒதுக்கிய கட்டுரைகள் எல்லாம் புதியவை போல வந்து நின்று, இரண்டாம் முறை படிக்க வைக்கும். தேடல் வரியில் தேதியைக் கட்டுப்படுத்துவதானால், பதிவு டேட்டாபேஸில் சேர்ந்த தேதியைப் பயன்படுத்துங்கள். வெளியான வருடத்தை வைத்தால், பழைய வருடக் கட்டுரை தாமதமாகச் சேர்ந்திருக்கும்போது அது தவறிப்போகும்.

பழைய பட்டியலில் கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்டாக இருந்தது இப்போது முழுக் கட்டுரையாக வந்திருக்கலாம். பழைய பதிவோடு தலைப்பு ஒத்துப்போகும் புதிய பதிவுகளை நீக்கும் முன் வருடத்தையும் பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் மறுபடி தேடியதே அந்த மாதிரிக் கட்டுரைகளுக்காகத்தான்.